‘விடுதி’ என்று ஒரு சொல்: ஓட்டல் காகிதங்களை மொழிபெயர்த்துப் பட்ட பாடு

பதினோரு வருடமாகக் கிரயப் பத்திரம், உயில், வாரிசுச் சான்று, கோர்ட்டுக் கட்டு என்று தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறேன். அதனால் கும்பகோணம் பக்கத்தில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது எனக்குத் துளி பயம்கூட இல்லை. “மொத்தம் எவ்வளவும்மா ஆகும்?” என்றார். பக்கத்தை எண்ணிப் பார்த்துப் பதினாலாயிரம் சொன்னேன். ஆறாயிரம் முன்பணம் கொடுத்தார். மீதி எட்டாயிரத்தை நானே வேண்டாம் என்று விட்டுவிடும் நிலை வந்தது. என் கைக்காசு மூவாயிரத்துச் சொச்சம் போனது. அவருக்குப் போனது அதைப் போலப் பல மடங்கு. எங்கே சறுக்கினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வேலைக்கு யாராவது உங்களைக் கூப்பிட்டால் கொஞ்சமாவது பயந்துகொண்டு போவீர்கள்.

ஐயாவுக்கு இங்கிலீஷ் படிக்க வரும், ஆனால் அரசாங்க இங்கிலீஷ் வராது. மத்திய சுற்றுலா அமைச்சகத்திலிருந்து வந்த ஒரு கடிதம், நட்சத்திர வகைப்பாட்டுக்கான வழிகாட்டிக் குறிப்பு, அதோடு இணைந்த சரிபார்ப்புப் பட்டியல் ஆகிய மூன்றையும் தமிழில் கேட்டார். அவரும் மேஸ்திரியும் மேலாளராக வரப்போகும் அவருடைய தங்கை மகனும் படிப்பதற்காக. கட்டடம் முடிந்த பிறகு, கையில் இருக்கும் தமிழ்ச் சான்றுகளை எல்லாம் ஆங்கிலமாக்கி விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். இது இரண்டாம் பாகம். இரண்டு பாகத்திலும் தப்பு செய்தேன். ஆனால் தப்பின் வகை வேறு வேறு.

முதல் தப்பு சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. தங்குமிடத் தொழிலில் இருப்பவர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள அமைச்சகம் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. நேஷனல் இன்டக்ரேட்டட் டேட்டாபேஸ் ஆஃப் ஹாஸ்பிடாலிட்டி இண்டஸ்ட்ரி என்பது முழுப் பெயர். அதன் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘நிதி’ என்று வரும். நான் யோசிக்காமல் “நிதித் தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்” என்று எழுதிவிட்டேன். ஐயா இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, “நிதி எவ்வளவும்மா வரும்? மானியமா, கடனா?” என்றார். அது வெறும் பெயர், பணம் வராது என்று விளக்கினேன். இருவரும் சிரித்தோம். அப்போதே நான் மொத்தக் கட்டையும் இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். பெயராக இருப்பதை அர்த்தமாகவும், அர்த்தமாக இருப்பதைப் பெயராகவும் மாற்றுவதுதான் இந்த வேலையின் பெரிய கண்ணி என்பதை அந்தப் போன் காலே சொல்லியிருக்கிறது. எனக்கு அது உறைக்கவில்லை.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். அமைச்சகம் ஓட்டல்களுக்கு இரண்டு கட்டத்தில் கை வைக்கிறது. கட்டடம் கட்டிக்கொண்டிருக்கும்போதே, இது இன்ன நட்சத்திரத்துக்கு ஏற்ற திட்டம்தான் என்று சொல்வது ஒன்று. அதன் பெயர் ‘புராஜெக்ட் அப்ரூவல்’. ஓட்டல் ஓட ஆரம்பித்த பிறகு குழு ஒன்று நேரில் வந்து பார்த்து நட்சத்திரம் கொடுப்பது இன்னொன்று. அதன் பெயர் ‘கிளாசிஃபிகேஷன்’. ஐந்து வருடத்துக்குச் செல்லும், பிறகு மறு வகைப்பாடு. இந்தக் குழுவைத்தான் ஓட்டல்காரர்கள் எச்.ஆர்.ஏ.சி.சி. என்கிறார்கள். இதில் எதுவும் உரிமம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நட்சத்திரத்துக்கு விண்ணப்பிப்பது ஓட்டல்காரரின் விருப்பம். நட்சத்திரமே இல்லாமல் ஆயுள் முழுக்க ஓட்டல் நடத்தலாம். வட்டாட்சியர் தரும் உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. நானோ எல்லாவற்றுக்கும் ‘அனுமதி’, ‘அங்கீகாரம்’ என்று இரண்டே சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு எழுதியிருந்தேன். ஐயா கையில் இருந்தது முதல் கட்டக் கடிதம். அதை நான் “தங்கள் ஓட்டலுக்கு மூன்று நட்சத்திர அங்கீகாரம் அளிக்கப்படுகிறது” என்று தமிழாக்கினேன்.

படித்தவர் என்ன செய்வார்? சந்தோஷமாக மூன்று நட்சத்திரம் போட்டுப் பெயர்ப்பலகை அடித்தார். லெட்டர்பேடு, பில் புத்தகம், சாவிக்கொத்து வரைக்கும் நட்சத்திரம். முப்பத்தெட்டாயிரம் ரூபாய். சென்னையிலிருந்து வந்த கட்டட வடிவமைப்பாளர் வாசலில் பலகையைப் பார்த்துவிட்டு, “சார், இன்னும் வகைப்பாடே வரலையே, இதைப் போடக்கூடாது” என்று இறக்கச் சொன்னார். ஐயா என் தமிழ்த் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். “மூன்று நட்சத்திர வகைக்கு உரிய திட்டமாக ஒப்புதல் அளிக்கப்படுகிறது” என்று எழுதியிருந்தால் அந்தப் பலகை அடிக்கப்பட்டே இருக்காது. ‘திட்டமாக’ என்ற ஒரு சொல்லை விட்டதற்கு அந்த விலை.

அதே கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. அதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாத வரி. ஓட்டல் ‘ஆபரேஷனல்’ ஆன தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வகைப்பாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், எல்லா அறையும் தயாராகியிருக்காவிட்டாலும் அந்தக் கணக்குத்தான். நான் எழுதியது, “ஓட்டல் திறக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள்.” பின்பாதியைச் சுருக்கிவிட்டேன், தேவையில்லாத விளக்கம் என்று நினைத்து. நம் ஊரில் ‘திறப்பது’ என்றால் என்ன? கணபதி ஹோமம், ரிப்பன், அழைப்பிதழ். ஐயா ஆவணி முகூர்த்தத்துக்கே எட்டு அறையைக் கல்யாணக் கோஷ்டிகளுக்கு விட்டுவிட்டார். ஜிஎஸ்டி பில்லும் போட்டிருக்கிறார். மீதி அறைகளில் டைல்ஸ் வேலை ஓடிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவைத் தையில் வைத்துக்கொண்டார். மூன்று மாதத்தைத் தையிலிருந்து எண்ணினார். கடிதமோ ஆவணியிலிருந்து எண்ணியது. மாசியில் நாங்கள் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பும்போது, “முதல் விருந்தினர் தங்கிய தேதி” என்ன என்று வடிவமைப்பாளர் கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திட்ட ஒப்புதல் காலாவதியாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வகைப்பாட்டுக்கு நேராக விண்ணப்பிக்கத் தடை ஏதும் இல்லை, அந்த மட்டில் தப்பித்தோம். ஆனால் திட்ட ஒப்புதலுக்காக அவர் ஒரு வருடம் அலைந்து வாங்கிய காகிதம் வீணானது. இப்போது எழுதினால் “ஓட்டல் இயங்கத் தொடங்கிய நாள், அதாவது முதல் அறை வாடகைக்கு விடப்பட்ட நாள், எல்லா அறையும் முடிந்திராவிட்டாலும் சரி” என்று நீளமாகவே எழுதுவேன். அரசுக் காகிதத்தில் ‘ஆனாலும்’, ‘இல்லாவிட்டாலும்’ என்று வரும் வால் துண்டுகள்தான் தலை. அவற்றைச் சுருக்கவே கூடாது.

சரிபார்ப்புப் பட்டியலுக்கு வருவோம். பல பக்கம் போகும் ஒரு பெரிய அட்டவணை. இடப்பக்கம் வசதியின் பெயர், அப்புறம் ஒரு நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திர டீலக்ஸ் வரை கட்டங்கள், கடைசியில் குறிப்புரை. கட்டத்துக்குள் ‘என்’ அல்லது ‘டி’ என்று ஒற்றை எழுத்து. ‘என்’ என்றால் நெசசரி, ‘டி’ என்றால் டிசைரபிள். அகராதியைப் புரட்டினால் முதலாவதற்குத் ‘தேவையான’, இரண்டாவதற்கு ‘விரும்பத்தக்க’ என்று கிடைக்கும். ‘விரும்பத்தக்க’ என்பது எனக்கு அட்டவணைக்குள் பொருந்தாத சொல்லாகப் பட்டது. ஆக ‘என்’ வந்த இடத்தில் ‘அவசியம்’, ‘டி’ வந்த இடத்தில் ‘தேவை’ என்று போட்டுவிட்டேன். என் மனதுக்குள் அவசியம் பெரியது, தேவை சின்னது. படிக்கிறவர் மனதில் அப்படி எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. எது அவசியமோ அது தேவை, எது தேவையோ அது அவசியம். அவருடைய மேலாளர் அதைப் பார்த்து, “மாமா, நீச்சல்குளம் தேவைன்னு போட்டிருக்கு” என்று சொல்லியிருக்கிறார். மூன்று நட்சத்திரத்துக்கு நீச்சல்குளம் கட்டாயமே இல்லை. பின்பக்கத் தென்னந்தோப்பில் இரண்டு மரத்தை வெட்டிக் குழி தோண்ட ஆளும் விட்டாயிற்று. குளம் கட்டுகிறவருக்குக் கொடுத்த முன்பணம் எழுபத்தையாயிரத்தில் ஐம்பதாயிரம் திரும்பி வரவில்லை.

இப்போது நான் ‘கட்டாயம்’, ‘இருந்தால் நல்லது’ என்று போடுகிறேன். அட்டவணைக்குள் ‘இருந்தால் நல்லது’ பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். மேஸ்திரிக்குப் புரிகிறது. மேலே ஒரு வரியும் சேர்த்துவிடுவேன்: கட்டாயம் என்று உள்ளதில் தளர்வு கிடையாது, குறிப்புரைக் கட்டத்தில் தளர்வு சொல்லியிருந்தால் மட்டுமே உண்டு. இந்தத் ‘தளர்வு’ என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. வேறொருவர் செய்திருந்த தமிழாக்கத்தை ஒருமுறை சரிபார்க்கக் கொடுத்தார்கள். மலைவாசத் தலங்களுக்கு ‘ரிலாக்ஸ்’ செய்யப்படும் என்று வந்த இடத்தில், “மலைப்பகுதிகளில் ஓய்வு அளிக்கப்படும்” என்று எழுதியிருந்தார். சிரித்தேன். ஆனால் நான் செய்ததை நினைத்தால் சிரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

இந்தப் பட்டியலிலேயே நான் செய்த இன்னொரு காரியத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறான சொல் எதுவும் இல்லை, விட்டுப்போன சொல் மட்டும்தான் இருக்கிறது. அறை அளவு பற்றிப் பட்டியலில் இரண்டு வரிகள். படுக்கையறையின் குறைந்தபட்ச அளவு, குளியலறை நீங்கலாக, மூன்று நட்சத்திரத்துக்கு 130 சதுர அடி. குளியலறைக்குத் தனியாக 36 சதுர அடி. நான் “அறையின் குறைந்தபட்ச அளவு 130 சதுர அடி” என்று ஒரே வரியாக்கி, குளியலறை வரியைப் பக்கம் மாறும் இடத்தில் தவறவிட்டேன். வரைபடத்தில் ஒவ்வொரு அறையும் சுவர் போகப் பன்னிரண்டுக்குப் பதினான்கு, ஆக மொத்தம் 168 சதுர அடி. அதன் ஒரு மூலையில் ஏழு அடிக்கு ஐந்தே கால் அடியாகக் குளியலறை, அதாவது 36.75 சதுர அடி. மீதி 131.25 படுக்கையறை. வடிவமைப்பாளர் நூல் பிடித்தது போலக் கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு அடிதான் மிச்சம்.

வேலை நடக்கும்போது மேஸ்திரிக்கு ஒரு சின்ன இடைஞ்சல். ஐந்தே கால் அடி வைத்தால் டைல்ஸை ஓரத்தில் வெட்ட வேண்டியிருக்கிறது, ஐந்தடி என்றால் முழு டைல்ஸாகவே உட்காரும். “மூணு அங்குலந்தானே, அளவு ஏதாவது சொல்லியிருக்கா பாருங்க” என்று என் தாளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். தாளில் குளியலறை பற்றி ஒரு எழுத்தும் இல்லை. அறைக்கு 130, நம்மிடம் 168 இருக்கிறதே என்று எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஏழுக்கு ஐந்து 35. ஒரே ஒரு சதுர அடி குறைந்தது. பன்னிரண்டு அறையிலும் குறைந்தது. ஆய்வுக்கு முன்னால் வடிவமைப்பாளரின் ஆள் டேப்போடு வந்து அளந்தபோது வெளியே வந்தது. தடுப்புச் சுவரை உடைத்து, மூன்று அங்குலம் தள்ளிக் கட்டி, குழாயை நகர்த்தி, டைல்ஸ் மறுபடி ஒட்டி, அறைக்கு ஒன்பதாயிரம் வீதம் ஒரு லட்சத்து எட்டாயிரம். அதில் எட்டு அறை ஏற்கெனவே வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த அறைகள். அன்றைக்கு ஐயா என்னைத் திட்டவில்லை. “சரிம்மா, எழுதாதது உன் தப்பு, கேக்காதது என் தப்பு” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எண் வரும் இடங்களில் ‘நீங்கலாக’, ‘உட்பட’, ‘மொத்தத்தில்’ போன்ற சொற்களை இப்போது சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டுதான் மொழிபெயர்க்க உட்காருகிறேன். பத்து ‘லெட்டபிள்’ அறை வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. வெறுமனே பத்து அறை என்று எழுதிவிட்டால் மேலாளர் தங்கும் அறையும் துணி அடுக்கும் அறையும் கணக்கில் வந்துவிடும். ‘வாடகைக்கு விடத்தக்க பத்து அறைகள்’ என்று இருக்க வேண்டும். ஐயாவிடம் பன்னிரண்டு இருந்ததால் இதில் அடிபடவில்லை.

இனி இரண்டாம் பாகம், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. முதல் பாகத்தின் தப்புகள் பணத்தைத் தின்றன, இவை நாளைத் தின்றன. விண்ணப்பம் போன பிறகு மூன்று தடவை விளக்கம் கேட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் திருத்தி, நோட்டரியிடம் போய், பதிவேற்றி, காத்திருந்து, ஏழு வாரம். கேட்டவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் எழுதியதைப் படித்தால் யாராக இருந்தாலும் கேட்பார்கள்.

ஊராட்சி கொடுத்த தொழில் உரிமத்தில் ‘தங்கும் விடுதி’ என்று இருந்தது. நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்து எனக்கு விடுதி என்றால் ஹாஸ்டல்தான். கை தானாக ‘ஹாஸ்டல்’ என்று அடித்துவிட்டது. வந்த கேள்வி: விண்ணப்பம் ஓட்டலுக்கு, உரிமம் ஹாஸ்டலுக்கு, எது சரி? இது வெறும் சொல் சண்டை அல்ல. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் ஹாஸ்டல்களுக்கும் இல்லங்களுக்கும் 2014-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. அது வேறு பதிவு, வேறு நிபந்தனை. நான் ஒரு சொல்லில் ஐயாவின் கட்டடத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தேன். அதே தாளில் கீழே ‘ஹோட்டல்’ என்றும் இருந்தது. அது இன்னும் மோசம். நம் ஊரில் “ஹோட்டலுக்குப் போனேன்” என்றால் இட்லி சாப்பிடப் போனேன் என்று அர்த்தம். தங்கப் போனால் “லாட்ஜில் தங்கினேன்” என்போம். உரிமத்தில் இருந்த ஹோட்டல், கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடம். அதை அப்படியே ஆங்கிலத்தில் ‘ஹோட்டல்’ என்று விட்டதால், ஒரே கட்டடத்தில் ஒரு ஹாஸ்டலும் ஒரு ஓட்டலும் இருப்பதாகக் காகிதம் சொன்னது. தமிழ்த் தாளில் ஹோட்டல் என்று பார்த்தால், அது சாப்பாட்டுக்கா, தங்குவதற்கா என்று உரிமத்தின் தொழில் விவரத்தைப் பார்த்துவிட்டு, ரெஸ்டாரண்ட் என்றோ லாட்ஜிங் என்றோ எழுதுங்கள். ஒலி ஒன்றுதானே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வட்டாட்சியர் தந்த உரிமம். ஓட்டல், பள்ளிக்கூடம், சத்திரம் போல ஜனங்கள் கூடும் கட்டடங்களுக்கு 1965-ஆம் வருடத்துத் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி கொடுப்பது. படிவத்தின் எழுத்தை வைத்து ‘டி ஃபார்ம்’ என்பார்கள். (பட்டியலில் வந்த ‘டி’க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேலாளர் தம்பி அதையும் குழப்பிக்கொண்டு, டி ஃபார்ம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தார்.) ‘பொதுக் கட்டடம்’ என்பதை நான் ‘கவர்ன்மென்ட் பில்டிங்’ என்று ஆக்கினேன். தனியார் ஓட்டல் அரசுக் கட்டடத்தில் இயங்குகிறதா, குத்தகை ஒப்பந்தம் எங்கே என்று கேட்டார்கள். கேட்காமல் இருப்பார்களா?

மூன்றாவது எல்லாவற்றையும்விட நுணுக்கமானது. மனையில் கட்டடம் கட்ட நகர் ஊரமைப்புத் துறை தருவதைத் தமிழில் ‘திட்ட அனுமதி’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது ‘பிளானிங் பெர்மிஷன்’. நான் திட்டம் என்றால் புராஜெக்ட், அனுமதி என்றால் அப்ரூவல் என்று ‘புராஜெக்ட் அப்ரூவல்’ என எழுதினேன். இப்போது கட்டில் இரண்டு புராஜெக்ட் அப்ரூவல். ஒன்று மத்திய அமைச்சகம் நட்சத்திரத்துக்காகக் கொடுத்தது, அதுவும் காலாவதி. இன்னொன்று மாநிலத் துறை கட்டடத்துக்காகக் கொடுத்தது என்பது எனக்கும் ஐயாவுக்கும் மட்டுமே தெரியும். பிளானிங் பெர்மிஷன் சேர்க்கப்படவில்லை என்று பதில் வந்தது. சேர்த்துத்தானே இருக்கிறோம் என்று நான் மல்லுக்கட்டி ஒரு பதில் எழுதிய வெட்கக்கேடும் உண்டு. அதிலேயே இரண்டு வாரம்.

நான்காவதாக ஒன்று, நல்லவேளை பதிவேற்றும் முன் வடிவமைப்பாளர் கண்ணில் பட்டது. ஐயா முகப்பில் செட்டிநாட்டுப் பாணியில் தூண் வைத்திருந்தார். ஓட்டல் பற்றிய அறிமுகக் குறிப்பில் ‘பாரம்பரியச் சூழலில் அமைந்த ஓட்டல்’ என்று அவரே அழகாக எழுதிக்கொடுத்தார். நான் ‘ஹெரிடேஜ் ஓட்டல்’ என்றேன். அமைச்சகத்தின் காகிதத்தில் ஹெரிடேஜ் என்பது புகழ்ச்சிச் சொல் அல்ல, ஒரு வகையின் பெயர். 1950-க்கு முன்னால் கட்டிய அரண்மனை, கோட்டை, பெரிய வீடு போன்றவற்றில் நடக்கும் ஓட்டலுக்கு மட்டும் உரியது. போன வருடம் வார்த்த கான்கிரீட் தூணுக்கு அது ஆகாது. ‘டீலக்ஸ்’ என்பதும் இதே ஜாதி. லாட்ஜ் வாடகைப் பலகையில் ஏ.சி. டீலக்ஸ் ரூம் என்று யார் வேண்டுமானாலும் போடலாம். ஐந்து நட்சத்திரத்துக்குப் பின்னால் வரும் டீலக்ஸ் ஒரு தனிப் படி. அதைச் ‘சொகுசு’ என்று தமிழாக்கினால் படியே மறைந்துவிடும். வகையின் பெயர்களை ஒலிபெயர்த்து அப்படியே வைப்பதுதான் பத்திரம். வெறும் வர்ணனையாக வரும் இடத்தில் அந்த வகைப் பெயரைப் பயன்படுத்தவே கூடாது.

ஏழு வாரம் முடிந்து, குழு வந்து, ஐயாவுக்கு வகைப்பாடும் வந்தது. பழைய பலகையை வீணாக்காமல் எடுத்து வைத்திருந்தார், அதையே மறுபடி மாட்டினார். எனக்கு இனிப்புப் பெட்டி அனுப்பினார், வேலை அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஃபைல் வந்ததும் மொழிபெயர்க்க ஆரம்பிப்பதில்லை. முதல் நாள் முழுவதும் ஒரு நோட்டில் காகிதங்களைப் பட்டியல் போடுகிறேன். ஒவ்வொன்றுக்கும், கொடுத்தது எந்த அலுவலகம், எந்தச் சட்டத்தின் கீழ், இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதுகிறேன். மூன்றாவது கேள்விக்கு “நடத்தவே கூடாது” என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் உரிமம் அல்லது இசைவு. “நட்சத்திரம் போடக் கூடாது, அவ்வளவுதான்” என்றால் வகைப்பாடு. “எங்களுக்கு மறுப்பில்லை, மற்றவரிடம் போய் வாங்கிக்கொள்” என்றால் தடையின்மைச் சான்று. “பெயரை எங்களிடம் எழுதிவைத்திருக்கிறோம்” என்றால் பதிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவதை முன்பு ‘சம்மதக் கடிதம்’ என்று எழுதியவள் நான், கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் தருவதைப் போல. நோட்டு வந்த பிறகு அதை ‘இசைவாணை’ என்று எழுதுகிறேன்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று முடிவு செய்துவிட்டால் கடைசிப் பக்கம் வரை மாற்றுவதில்லை. பள்ளியில் சொன்னதையே திரும்பச் சொல்லாதே என்று அடித்து வளர்த்தார்கள். இந்தத் தொழிலில் சொன்னதையேதான் சொல்ல வேண்டும். சட்டத்தின் ஆங்கிலப் பெயரை நானாகச் செய்வதில்லை, அரசிதழில் உள்ளபடியே எடுக்கிறேன். முடிந்த பிறகு எண்களை மட்டும் தனியாக ஒருமுறை, மூலத்தையும் என் தாளையும் பக்கத்தில் வைத்து, இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். பெரும்பாலும் என் மகள் வாசிப்பாள், பக்கத்துக்கு ஐந்து ரூபாய். அவள் வாசித்திருந்தால் குளியலறை வரி விட்டுப்போயிருக்காது. கட்டணத்தையும் இப்போது பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை. பட்டியல் போடும் அந்த முதல் நாளுக்குத் தனிக் கூலி சொல்கிறேன். யோசிக்கிறவர்கள் யோசிக்கட்டும் என்று மேலே சொன்ன ஒரு லட்சத்து எட்டாயிரத்தின் கதையைச் சொல்வேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் கையில் இருந்த தாளிலும் ‘விடுதி’ என்றுதான் இருந்தது. வங்கிக் கடனுக்காக ஆங்கிலத்தில் வேண்டுமாம். லாட்ஜிங் என்று எழுதக் கை போய்விட்டது. நிறுத்திவிட்டு, யார் கொடுத்தது என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மாவட்ட ஆட்சியர் கையெழுத்து, 2014-ஆம் வருடத்துச் சட்டம், வேலைக்குப் போகும் பெண்கள் நாற்பது பேர் தங்குமிடம். ஹாஸ்டல் என்றே எழுதிக் கொடுத்தேன்.